தொலைபேசியில் சொன்ன வாக்கு, நுகர்வோர் ஆணையத்தில் நிற்குமா?

வாங்கிய நான்கே மாதத்தில் ஃபிரிட்ஜ் குளிர்வதை நிறுத்திவிடுகிறது. நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவை மையத்தோடு பலமுறை பேசியாகிவிட்டது. எல்லாப் பேச்சும் செல்பேசியில் பதிவாகியிருக்கிறது. ஆனால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்கு மனு எழுத உட்கார்ந்தால், முக்கால் மணி நேரப் பேச்சை எப்படித் தாளில் கொண்டுவருவது என்று திகைப்பு வருகிறது. ஒவ்வொரு அழைப்பையும் சுருக்கி எழுதுவதுதான் வழி. அந்தச் சுருக்கத்தை எழுதும் விதத்தில்தான் மனுவின் பலமும் பலவீனமும் இருக்கின்றன.

ஒரு அழைப்புக்கு ஒரு பத்தி போதும். நாள், நேரம், எத்தனை நிமிடம், புகார் எண், பேசியவர் சொன்ன பெயர் ஆகியவை முதலில் வர வேண்டும். அடுத்து, அவர் கொடுத்த வாக்குறுதியை அவர் வார்த்தையிலேயே ஒரு வரி எழுதி, பதிவில் அது எந்த நிமிடத்தில் வருகிறது என்று குறிக்க வேண்டும். கடைசியாக, அதன் பிறகு உண்மையில் என்ன நடந்தது என்று எழுத வேண்டும். எடுத்துக்காட்டாக:

“மார்ச் 3, காலை 10.40, 9 நிமிடம். ‘48 மணி நேரத்தில் டெக்னீசியன் வருவார்’ (2:15). வந்தது மார்ச் 8 அன்று.”

“மார்ச் 12, மாலை 4.05, 14 நிமிடம். ‘மாற்றித் தருவது பற்றி மேலிடத்துக்கு அனுப்பியிருக்கிறேன், ஏழு நாளில் பதில் வரும்’ (4:50). பதில் வரவில்லை. மார்ச் 20 அன்று புகார் முடித்துவைக்கப்பட்டதாக எஸ்.எம்.எஸ். வந்தது.”

பலரும் சறுக்குவது இரண்டாவது பத்தியில்தான். கோபத்தில் இருப்பவர் அதையே “ஃபிரிட்ஜை மாற்றித் தருவதாக ஒப்புக்கொண்டார்கள்” என்று எழுதிவிடுவார். அந்த ஊழியர் அப்படிச் சொல்லவில்லை. மேலிடத்துக்கு அனுப்பியதாகத்தான் சொன்னார். அதே அழைப்பை நிறுவனமும் பதிவு செய்து வைத்திருக்கும். அதன் வழக்கறிஞர் அந்தப் பதிவைப் போட்டுக் காட்டினால், நீங்கள் எழுதிய மற்ற உண்மைகள்மீதும் சந்தேகம் விழும். இத்தனைக்கும் மிகைப்படுத்தத் தேவையே இல்லை. ஏழு நாளில் பதில் என்று சொல்லிவிட்டு, பழுது நீங்காமலே புகாரை முடித்தது சேவைக் குறைபாடு என்று வாதிட வலுவான ஆதாரம்.

நமக்குப் பாதகமான பேச்சையும் விட்டுவிடக் கூடாது. “ஸ்டெபிலைசர் இருக்கிறதா?” என்று கேட்டபோது “இல்லை” என்று சொல்லியிருந்தால், அதையும் சுருக்கத்தில் எழுதுங்கள். கூடவே, டெக்னீசியன் கொடுத்த வேலைச் சீட்டில் பழுதுக்குக் காரணம் கேஸ் கசிவு என்று இருந்தால் அதை இணையுங்கள். எதிர்த்தரப்பு ஸ்டெபிலைசரைக் காரணம் காட்டும்போது பதில் ஏற்கெனவே மனுவில் இருக்கும்.

மனுவின் உடலில் எல்லா அழைப்புகளையும் கொட்ட வேண்டாம். கொடுத்த வாக்கும் அது மீறப்பட்டதும் தெரியும் மூன்று நான்கு அழைப்புகளைத் தேதி வரிசையில் சொல்லி, முழுச் சுருக்கப் பட்டியலைப் பின்னிணைப்பாக வைக்கலாம். முடிவில் என்ன வேண்டும் என்று தெளிவாகக் கேளுங்கள்: விலையைத் திருப்பித் தருவதா, மாற்றுப் பொருளா, இழப்பீடு எவ்வளவு, வழக்குச் செலவு எவ்வளவு.

சுருக்கம் வழிகாட்டி மட்டுமே, சாட்சியம் ஒலிப்பதிவுதான். எனவே மூலக் கோப்பை வெட்டாமல், பெயர்கூட மாற்றாமல், பதிவான செல்பேசியிலேயே வைத்திருங்கள். பென் டிரைவில் ஒரு நகல் எடுத்து மனுவோடு கொடுக்கலாம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷிய அதிநியம், 63ஆம் பிரிவில் மின்னணுச் சான்றுக்கு ஒரு சான்றிதழ் கேட்கிறது. அதில் ஒரு பகுதியைச் சான்றைத் தாக்கல் செய்பவரும், மறு பகுதியை நிபுணரும் நிரப்ப வேண்டும். கோப்பின் ஹாஷ் மதிப்பும் அதில் இடம்பெறும். கோப்புக்குள் ஒரு நொடியை வெட்டினாலும் இந்த மதிப்பு மாறிவிடும் என்பதால், பதிவில் கை வைக்கவில்லை என்பதற்கு அது கைரேகை போன்ற அடையாளம். ஆதாரம் ஒலிப்பதிவையே நம்பியிருந்தால், இந்தச் சான்றிதழை முதலிலேயே இணைத்துவிடுவது பாதுகாப்பு.

2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே மனு கொடுக்கலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் வைத்தாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஆனால் வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மனு போய்ச் சேர வேண்டும். ஆகவே ஒவ்வொரு அழைப்பின் சுருக்கத்தையும் பேசி முடித்த அன்றே எழுதிவையுங்கள். நினைவிலிருந்து எழுதாமல், பதிவை மறுபடி கேட்டு எழுதுங்கள்.