‘நல்லா ஒரு வெப்சைட் போடுங்க தம்பி!’ - ஓட்டல் முதலாளி எழுதித் தர வேண்டிய ரெண்டு பக்கம்

“தம்பி, நம்ம ஓட்டலுக்கு நல்லா ஒரு வெப்சைட் போட்டுக் கொடுங்க. பார்த்துப் பண்ணிக்கலாம்!”

இப்படித் தொடங்கும் வேலை, பெரும்பாலும் மனக்கசப்பில்தான் முடிகிறது. ‘நல்லா’ என்றால் முதலாளிக்கு ஓர் அர்த்தம், வீட்டிலிருந்தே வேலை செய்யும் ஃப்ரீலான்ஸ் டிசைனருக்கு வேறோர் அர்த்தம். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே ரெண்டு பக்கத்தில் எழுதிவிட்டால் இந்தச் சிக்கல் வராது. என்ன எழுதுவது?

கும்பகோணத்தில் 48 பேர் உட்காரும் சைவ ஓட்டல் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். நவகிரகக் கோயில்களுக்கு வேனிலும் பஸ்ஸிலும் வருகிறவர்கள்தான் முக்கியமான வாடிக்கையாளர்கள்.

எதற்காக இந்த வெப்சைட்?

‘ஓட்டல் பிரபலமாக வேண்டும்’ என்று எழுதினால் டிசைனருக்கு எதுவும் புரியாது. எண்ணிப் பார்க்கக்கூடிய ஒரே ஒரு குறிக்கோள் போதும். ‘20 பேருக்கு மேல் சாப்பிட வரும் குழுக்களிடமிருந்து இப்போது வாரத்துக்கு 4 போன் வருகிறது. மூன்று மாதத்தில் அது 10 ஆக வேண்டும்’ என்று இந்த முதலாளி எழுதலாம்.

இந்த ஒரு வரியிலேயே பாதி டிசைன் முடிந்துவிடும். முதல் பக்கத்தில் அசையும் படங்கள் தேவையில்லை. தொட்டால் போன் போகும் பட்டன், பஸ் நிறுத்த இடம் உண்டா என்ற தகவல், குழு சாப்பாட்டு விலை, மேப்... இவைதான் முதலில் வர வேண்டும். போன் செய்பவரிடம் “எப்படித் தெரிஞ்சு கூப்பிடுறீங்க?” என்று கேட்டு, கல்லாவில் இருக்கும் நோட்டில் குறித்து வைத்தால், வெப்சைட் பலன் தருகிறதா என்பதும் தெரிந்துவிடும்.

பணத்தை எப்படிப் பிரிப்பது?

மொத்தம் 45,000 ரூபாய் என்று கொள்வோம். தொகை ஆளுக்கு ஆள் மாறும். பிரிக்கும் முறைதான் முக்கியம். டிசைனர் கூலி 30,000. போட்டோகிராபருக்கு 8,000. வெப்சைட் பெயரான டொமைனுக்கும், அதை இணையத்தில் வைத்திருக்கும் ஹோஸ்டிங்குக்கும் முதல் வருடத்துக்கு 4,000. மீதி 3,000 கையிருப்பு.

டொமைனும் ஹோஸ்டிங்கும் ஒரு தடவையோடு முடிகிற செலவல்ல. காலாவதியாகும்போதெல்லாம் புதுப்பிக்க வேண்டும். இதைச் சொல்லாமல் விட்டால், அடுத்த வருடம் திடீரென்று வெப்சைட் காணாமல் போகும்.

இன்னொன்றையும் எழுதியே ஆக வேண்டும்: ‘டொமைன் முதலாளியின் பெயரில், அவருடைய இமெயிலில், அவர் பணத்தில் வாங்கப்படும்.’ டிசைனர் தன் கணக்கிலேயே வாங்கிவிட்டு, பிறகு வேறு வேலைக்குப் போய்விட்டாலோ, நம்பர் மாற்றிவிட்டாலோ, ஓட்டல் பெயரை மீட்பது பெரும்பாடு. பதிவுக்கான மெயில் யாருக்கு வருகிறது என்று பார்த்தாலே விஷயம் தெரிந்துவிடும்.

எத்தனை நாள்?

கார்த்திகை பிறந்தால் ஐயப்ப பக்தர்களின் பஸ்கள் வரத் தொடங்கும். அதற்கு முன் தீபாவளி. அந்த வாரம் முதலாளிக்கு இனிப்பு, கார ஆர்டர்களே சரியாக இருக்கும். ஆகவே ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி, அக்டோபர் முதல் வாரத்தில் முடிப்பதாக ஆறு வாரக் கணக்கு.

முதல் வாரம் முதலாளியின் வேலை: மெனு, விலை, திறக்கும் நேரம், போட்டோ. இரண்டாம் வாரம் மாதிரிப் பக்கம். மூன்றும் நான்கும் முழு வேலை. ஐந்தில் திருத்தம், அதுவும் இரண்டு சுற்றுதான். ஆறில் சோதனையும் ஒப்படைப்பும்.

பெரும்பாலும் தாமதம் முதல் வாரத்திலேயே தொடங்கிவிடுகிறது. “மெனு நாளைக்குத் தர்றேன் தம்பி” என்பது பத்து நாளாக நீளும். ஆகவே ‘மெனு எத்தனை நாள் தாமதமோ, முடிக்கும் தேதியும் அத்தனை நாள் தள்ளும்’ என்று எழுதிக்கொள்வது இருவருக்கும் நியாயம்.

கடைசித் தவணைக்கு முன்...

கூலி 30,000-ஐ மூன்றாகப் பிரிக்கலாம்: தொடக்கத்தில் 10,000, மாதிரிப் பக்கத்துக்குச் சரி சொன்னதும் 10,000, ஒப்படைக்கும்போது 10,000.

அச்சடித்த மெனு அட்டையை போட்டோ எடுத்து அப்படியே ஏற்றிவிடுவது சிலரின் வழக்கம். போனில் எழுத்து தெரியாது. ஒரு விலை மாறினாலும் டிசைனரைத் தேட வேண்டும். எனவே ஒப்படைக்கும் நாளில் ஒரு சோதனை. முதலாளி தன் போனை எடுத்து, வைஃபையை அணைத்துவிட்டு, வெப்சைட்டைத் திறக்க வேண்டும். பட்டனைத் தொட்டால் கல்லா போன் ஒலிக்க வேண்டும். பிறகு மசால் தோசை விலையை, யார் உதவியும் இல்லாமல், அவரே 5 ரூபாய் கூட்டிப் பார்க்க வேண்டும்.

புது விலை திரையில் தெரிந்துவிட்டால், கடைசி 10,000-ஐ அனுப்பிவிடலாம். தோசை விலையை மறுபடி குறைக்க மறக்கக் கூடாது!