துணி மட்டும் மாற ஒரு மாஸ்க்

புகைப்படத்தில் ஒருவர் அணிந்திருக்கும் ஆடையை மட்டும் மாற்ற, இன்பெயிண்டிங் மென்பொருளுக்கு இரண்டு படங்கள் தேவை. ஒன்று மூலப்படம். மற்றொன்று அதே நீள அகலம் கொண்ட ஒரு கறுப்பு வெள்ளைப் படம். இதற்குத்தான் மாஸ்க் என்று பெயர். மாஸ்க்கில் வெள்ளையாக இருக்கும் இடத்தில் மென்பொருள் புதிதாக வரையலாம். கறுப்பாக இருக்கும் இடம் பழையபடியே இருக்க வேண்டும். பெரும்பாலான மென்பொருள்களில் இதுவே வழக்கம். சிலவற்றில் வெள்ளைக்குப் பதிலாக, மாற்ற வேண்டிய இடத்தை அழித்து ஒளிபுகும்படி விட வேண்டும். வழக்கத்தை மாற்றிப் புரிந்துகொண்டால் சட்டை அப்படியே இருக்க, முகமும் பின்னணியும் வேறாகிவிடும்.

சிதைந்த ஓவியங்களின் விரிசல்களைச் சுற்றியுள்ள வண்ணத்தைக் கொண்டே நிரப்பும் பழைய கைவேலையிலிருந்து இந்த முறைக்குப் பெயர் வந்தது. 2000-ஆம் ஆண்டில் மார்செலோ பெர்தால்மியோவும் உடன் ஆய்வாளர்களும் அதைக் கணினிக்குக் கொண்டுவந்தார்கள். விளிம்புக் கோடுகளை உள்நோக்கி நீட்டி ஓட்டையை அடைப்பது அவர்கள் வழி. கீறலுக்கும் படத்தின் மேல் எழுதிய எழுத்துக்கும் அது போதும். இல்லாத ஒரு சட்டையை அதனால் உருவாக்க முடியாது. 2022-இல் வெளியான ஸ்டேபிள் டிஃப்யூஷன் போன்ற மாடல்கள், எழுதிக் கொடுத்த விவரிப்பைப் படித்து வெள்ளைப் பகுதிக்குள் முழு ஆடையையே வரைகின்றன. கை வந்த இடமெல்லாம் வரையக்கூடிய ஆற்றல் அது என்பதால், மாஸ்க்கின் பொறுப்பும் கூடிவிட்டது.

ஒரு ஜவுளிக் கடையின் விளம்பரப் படத்தை எடுத்துக்கொள்ளலாம். அளவு 768 × 1024 பிக்சல். படத்தில் இருக்கும் பெண் சிவப்புச் சுடிதார் டாப் அணிந்திருக்கிறார். நீண்ட சடை வலது தோள் வழியாக முன்னால் விழுந்து டாப்பின் மேல் கிடக்கிறது. காதில் ஜிமிக்கி. டாப் மட்டும் நீலமாக வேண்டும். முகமும் சடையும் அசையக் கூடாது. இந்தச் சடைதான் வேலையைக் கடினமாக்குகிறது. அது துணியின் நடுவே ஓடும் ஒரு தடை.

மாஸ்க்கைக் கையால் தீட்டலாம். ஆனால் நூற்றுக்கணக்கான படங்கள் இருக்கும் இடத்தில், மனித உருவத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்துப் பெயரிடும் மாடல்களிடம் அதை ஒப்படைக்கிறார்கள். இவை ஒவ்வொரு பிக்சலுக்கும் முடி, முகம், மேலாடை, இடது கை, வலது கை என்று ஓர் அடையாளம் தருகின்றன. இத்துறையில் பரவலாகப் பயன்படும் ஒரு பயிற்சித் தொகுப்பில், பின்னணியையும் சேர்த்து 20 அடையாளங்கள் உண்டு. மேலாடை, கோட், பாவாடை, ஸ்கார்ஃப் எல்லாம் இருக்கின்றன. சேலை இல்லை, நகை இல்லை, தலையில் சூடும் பூ இல்லை. ஆகவே முந்தானை சில படங்களில் ஸ்கார்ஃப் ஆகவும் சில படங்களில் கவுன் ஆகவும் பிரிந்து போகலாம். சடையில் சுற்றிய மல்லிகைச் சரம் முடியோடு சேராமல் துணிக் கணக்கில் விழுந்தால், டாப் நீலமாகும்போது பூவும் மறைந்துபோகும். நம் ஊர்ப் படங்களில் தானியங்கி மாஸ்க்கை ஒருமுறை கண்ணால் பார்க்காமல் அடுத்த படிக்கு அனுப்புவது வம்பு.

மேலாடை என்று பெயரிட்ட பிக்சல்களை மட்டும் வெள்ளையாக்கினால் மாஸ்க் முடிந்துவிடாது. துணியின் ஓரத்தில் ஒன்றிரண்டு பிக்சல் அகலத்துக்குச் சிவப்பு தப்பி நிற்கும்; நீல டாப்பைச் சுற்றிச் சிவப்புக் கோடு போட்டதுபோல் தெரியும். அதனால் வெள்ளைப் பகுதியை எல்லாப் பக்கமும் சில பிக்சல்கள் வெளியே தள்ளுகிறார்கள். தள்ளும்போது அது கழுத்தின் மேலும் சடையின் மேலும் ஏறிவிடும். எனவே தள்ளிய பிறகு, முகம், முடி என்று அடையாளம் பெற்ற பகுதிகளை மாஸ்க்கிலிருந்து கழிக்க வேண்டும். வரிசை முக்கியம்: முதலில் விரிப்பது, பிறகு கழிப்பது. முதலில் கழித்துவிட்டு அப்புறம் விரித்தால், பாதுகாத்த சடையின் இரு ஓரமும் மறுபடி வெள்ளைக்குள் போய்விடும். ஜிமிக்கிக்குத் தனி அடையாளம் இல்லாததால் அதைச் சுற்றி ஒரு கறுப்பு வட்டத்தைக் கையால் வைப்பதே எளிது.

இப்படித் தயாரான மாஸ்க்கை மாடல் எப்படி மதிக்கிறது? டிஃப்யூஷன் மாடல் ஒரே வீச்சில் வரைவதில்லை. இரைச்சல் நிரம்பிய படத்திலிருந்து தொடங்கி, படிப்படியாக இரைச்சலைக் குறைத்துக்கொண்டே வருகிறது. ஒவ்வொரு படியின் முடிவிலும், கறுப்புப் பகுதியில் மாடல் வரைந்ததை மென்பொருள் தூக்கி எறிந்துவிட்டு, அங்கே மூலப்படத்தை அந்தப் படிக்குரிய இரைச்சல் அளவோடு திரும்ப வைக்கிறது. ஆகவே மாடல் அடுத்த படியில் பார்க்கும்போது முகமும் சடையும் அதனதன் இடத்தில் இருக்கும். அவற்றுக்கு ஒத்துப்போகும்படி துணியை வரையும். இன்பெயிண்டிங்குக்கென்றே பயிற்சி பெற்ற மாடல்களுக்கு, மாஸ்க்கும் துணி நீக்கிய மூலப்படமும் ஒவ்வொரு படியிலும் கூடுதலாகக் கொடுக்கப்படுகின்றன. கழுத்தோரம் எங்கே முடிகிறது, சடையின் நிழல் எங்கே விழ வேண்டும் என்பதை அவை இன்னும் நன்றாகப் பிடிக்கின்றன.

இத்தனைக்குப் பிறகும் முகம் கெடலாம். ஸ்டேபிள் டிஃப்யூஷன் பிக்சல்களின் மேல் நேரடியாக வேலை செய்வதில்லை. படத்தைச் சுருக்கி, 8 × 8 பிக்சல் கொண்ட ஒவ்வொரு கட்டத்தையும் நான்கே எண்களாக மாற்றிக்கொண்டு, அந்தச் சுருக்கத்தின் மேல்தான் வரைகிறது. 768 × 1024 படம் அங்கே 96 × 128 கட்டங்களாகிறது. முகம் 120 பிக்சல் அகலம் என்றால் அது 15 கட்டம்; 24 பிக்சல் கண் வெறும் 3 கட்டம். சுருக்கி விரிக்கும் இந்தப் பயணத்திலேயே இமையும் பல்வரிசையும் லேசாகக் குழம்பிவிடும். மாஸ்க் அங்கே முழுக் கறுப்பாக இருந்தாலும் குழம்பும், ஏனெனில் சுருக்கப்படுவது முழுப்படமும்தான். முகம் தூரத்தில் சிறியதாக இருக்கும் படங்களில் ஆள் மாறியதுபோலவே தோன்றும்.

இதற்கு மருந்து எளியது; ஆனால் பலர் விட்டுவிடுகிறார்கள். படம் விரிந்து வந்த பிறகு, மாஸ்க்கின் கறுப்பு இடங்களில் மூலப்படத்தின் பிக்சல்களை அப்படியே எடுத்து ஒட்ட வேண்டும். கணக்காகச் சொன்னால், மாஸ்க்கின் மதிப்பு M என்றால்:

```
முடிவு = M × புதியது + (1 − M) × மூலம்
```

முகத்தில் M = 0. ஆகவே அங்கே மூலப்படத்தின் மதிப்பு எண் பிசகாமல் வரும். முகத்தைக் காப்பது உண்மையில் இந்தக் கடைசி ஒட்டுதல்தான். மாடலின் உள்ளே நடப்பவை எல்லாம் ஒட்டும் இடம் தெரியாமல் பொருந்துவதற்கான ஏற்பாடு.

முடிக்கு இந்தக் கணக்கு போதவில்லை. சடையிலிருந்து பிரிந்து நிற்கும் இழைகள் ஒரு பிக்சலை விட மெல்லியவை. ஒரே பிக்சலில் பாதி முடியும் பாதி துணியும் கலந்தே பதிவாகியிருக்கும். அப்படி ஒரு பிக்சலில் முடி 40 சதவீதம், துணி 60 சதவீதம் என்று கொள்ளலாம். சிவப்பு என்ற ஒரு நிறக்கூறை மட்டும் பார்த்தால் கறுத்த முடியின் மதிப்பு 30, சிவப்புத் துணியின் மதிப்பு 200. கலந்தால் 12 + 120, அதாவது 132. நீலத் துணியில் சிவப்புக்கூறு 30 என்றால், சரியான புதிய மதிப்பு 12 + 18 = 30 ஆக இருக்க வேண்டும். அந்தப் பிக்சலை முடி என்று முழுமையாகப் பாதுகாத்தால் 132 அப்படியே நிற்கும். நீல டாப்பின் மேல் சடையைச் சுற்றிச் செம்மண் நிறத்தில் ஓர் ஓரம் தெரியும். முழுக்கத் துணிக்கு விட்டுக்கொடுத்தால் இழைகள் மறைந்து, சடை கத்தரியால் வெட்டி ஒட்டியதுபோல் ஆகும். மாஸ்க்கின் ஓரத்தை மங்கலாக்கி M-ஐ 0.6 என்று வைத்தால்? 0.6 × 30, கூட்டல் 0.4 × 132; சுமார் 71. முன்னதற்கு இது மேல்தான், ஆனாலும் இருக்க வேண்டியதைவிட இரு மடங்குக்கு மேல் சிவப்பு. மூலப்பிக்சலிலேயே பழைய துணி கலந்திருப்பதால், மங்கலாக்குவது அதைக் குறைக்குமே தவிர நீக்காது. நீக்க வேண்டுமானால் அந்தப் பிக்சலில் முடியின் தனி நிறம் என்ன, பங்கு எவ்வளவு என்று இரண்டையும் கணித்து, முடியை மட்டும் பிரித்தெடுத்துப் புதிய துணியின் மேல் வைக்க வேண்டும். சினிமாவில் பச்சைத் திரைக்கு முன்னால் நிற்பவரின் முடியைப் பிரிப்பதும் இதே வேலைதான். சிவப்பிலிருந்து மெரூனுக்கு மாற்றும்போது இதெல்லாம் கண்ணில் படாது. வெள்ளையிலிருந்து கறுப்புக்கு மாற்றினால் ஒவ்வொரு இழையும் காட்டிக்கொடுக்கும்.

மாஸ்க்கின் வடிவம் புதிய ஆடையின் வடிவத்தையும் கட்டுப்படுத்துகிறது. அரைக்கை டாப்பின் எல்லையிலேயே மாஸ்க் நின்றால், விவரிப்பில் முழுக்கை என்று எத்தனை முறை எழுதினாலும் அரைக்கைதான் வரும். முழுக்கை வேண்டுமென்றால் மணிக்கட்டு வரை கையையும் வெள்ளையாக்க வேண்டும். ஆடை மாற்றிப் பார்க்கும் கடைத் தளங்களுக்கான ஆய்வுகளில் பழைய டாப்போடு கைகளையும் கழுத்தையும் சேர்த்தே அழித்துவிட்டு, முகம், முடி, உள்ளங்கை ஆகியவற்றை மட்டும் விட்டுவைப்பது இதனால்தான். பழைய ஆடையின் வெட்டு மாஸ்க்கில் தெரிந்தால் மாடல் அதையே பின்பற்றிவிடும்.

வேலை சரியாக முடிந்ததா என்று பார்க்க மூலப்படத்தையும் புதிய படத்தையும் பிக்சல் பிக்சலாகக் கழித்துப் பார்க்கலாம். மாறாத இடம் முழுக் கறுப்பாகவும் மாறிய இடம் ஒளியாகவும் வரும். முகத்தில் லேசான புள்ளிகள் பரவியிருந்தால் கடைசி ஒட்டுதல் விடுபட்டிருக்கிறது, அல்லது படத்தை ஜேபெக்காகச் சேமித்ததில் வந்த மாற்றம் அது. பிஎன்ஜியாகச் சேமித்துக் கழித்தால் எது என்று தெரிந்துவிடும்.

ஆனால் கழித்தல் படம் கறுப்பாக வந்தும் முகம் பொருந்தாமல் இருப்பதுண்டு. சிவப்பு டாப்பில் பட்ட வெளிச்சம் தாடையின் அடியிலும் கழுத்திலும் சிவந்த சாயலாகத் திரும்பி விழுந்திருக்கும். டாப் நீலமான பிறகும் அந்தச் சாயல் பாதுகாப்பாக அங்கேயே இருக்கும். அதற்கு இரண்டாவதாக ஒரு மாஸ்க் தேவை: தாடைக்குக் கீழே மட்டும், ஓரம் நன்றாக மங்கி, புதிதாக எதையும் வரையாமல் நிறத்தை மட்டும் சிறிது குளிர்விக்கும் மாஸ்க். அதைப் பெரும்பாலும் கையால்தான் தீட்டுகிறார்கள்.