பண்டிகைக் கடையின் வரித் தவணைகள்

அமெரிக்காவில் சொந்தத் தொழில் செய்பவர் அந்த ஆண்டின் வருமான வரியை நான்கு தவணைகளில் முன்கூட்டியே கட்டவேண்டும். கெடுநாட்கள் ஏப்ரல் 15, ஜூன் 15, செப்டம்பர் 15, அடுத்த ஆண்டு ஜனவரி 15. மொத்த வரியில் 90 விழுக்காட்டை நான்கு சம பங்காகப் பிரித்துக் கட்டுவதே பொது விதி. வருமானம் மாதாமாதம் சீராக வருபவருக்கு இது பொருந்தும். கிறிஸ்துமஸ் அலங்காரப் பொருள் விற்கும் கடைக்காரருக்குப் பொருந்தாது. லாபத்தின் பெரும்பகுதி நவம்பரிலும் டிசம்பரிலும்தான் வருகிறது. ஏப்ரலில் கட்டவேண்டிய கால் பங்குக்கு அப்போது கையில் காசு இருக்காது.

இப்படிப்பட்டவர்களுக்காகச் சட்டம் இன்னொரு கணக்கையும் ஏற்கிறது. ஒவ்வொரு கெடுநாளுக்கும் அதுவரை உண்மையில் ஈட்டிய லாபத்தை எடுத்து, இதே வேகத்தில் முழு ஆண்டும் போனால் எவ்வளவு வரும் என்று பெருக்கி, அந்த ஆண்டுத் தொகைக்கான வரியில் உரிய பங்கைக் கட்டினால் போதும். படிவம் 2210-இல் உள்ள ‘ஏஐ’ அட்டவணையில் இந்தக் கணக்கு போடப்படுகிறது.

இதில் காலப் பிரிவுகளைக் கவனிக்கவேண்டும், பலர் சறுக்குவது இங்கேதான். முதல் கணக்கு மார்ச் 31 வரை, இரண்டாவது மே 31 வரை, மூன்றாவது ஆகஸ்ட் 31 வரை, நான்காவது டிசம்பர் 31 வரை. எல்லாமே ஜனவரி 1 முதல் கூட்டிய தொகைகள். காலாண்டுக் கணக்குப் பழக்கத்தில் ஜூன் 30, செப்டம்பர் 30 என்று கணக்கை முடித்தால் விடை தவறிவிடும். ஆண்டுத் தொகை காண முறையே 4, 2.4, 1.5, 1 ஆகியவற்றால் பெருக்கவேண்டும். அதற்கான வரியில் அந்தந்தக் கெடுநாளுக்குள் சேர்ந்திருக்கவேண்டிய பங்கு 22.5, 45, 67.5, 90 விழுக்காடு.

மணமாகாத ஒருவர் நடத்தும் ஒரு கடையை 2024 விதிகளின்படி பார்க்கலாம். லாபம் மார்ச் இறுதியில் 3,000 டாலர், மே இறுதி வரை 5,000, ஆகஸ்ட் இறுதி வரை 12,000, ஆண்டு முடிவில் 80,000. பெருக்கிய ஆண்டுத் தொகைகள் 12,000, 12,000, 18,000, 80,000. வருமான வரியையும் சுயதொழில் வரியையும் சேர்த்தால், முதல் இரண்டு கணக்குகளுக்கும் சுமார் 1,696 டாலர், மூன்றாவதற்கு 2,713, கடைசிக்கு 16,872. 12,000 டாலருக்கு வருமான வரியே இல்லை, சுயதொழில் வரி மட்டும் உண்டு. அதை மறந்து ஏப்ரல் தவணையைப் பூஜ்யம் என்று விட்டுவிடக் கூடாது.

இவற்றிலிருந்து தவணைகள் ஏறத்தாழ 381, 382, 1,068, 13,354 டாலர் என வருகின்றன. பொது விதிப்படி ஒவ்வொரு தவணையும் 3,796 டாலராக இருந்திருக்கும். முன்பு குறைந்தது எல்லாம் ஜனவரியில் மொத்தமாக வந்துசேர்வதைக் காணலாம். இந்த முறை வரியைக் குறைப்பதில்லை, பணம் கையில் இருக்கும் காலத்துக்குத் தள்ளிவைக்கிறது. அதனால் டிசம்பர் விற்பனைப் பணத்தில் ஒரு பகுதியைத் தொடாமல் ஒதுக்கிவைப்பது அவசியம்.

இதே தொகைகளைக் கட்டிவிட்டு அட்டவணையை இணைக்காமல் விட்டால், 2024-இல் இருந்த 8 விழுக்காடு வீதத்தில் சுமார் 435 டாலர் அபராதம் விழும். ஏனெனில் வருமானம் எந்த மாதத்தில் வந்தது என்று வரித்துறைக்குத் தெரியாது. சொல்லாவிட்டால் சீராக வந்ததாகவே கொள்ளும். படிவத்தின் இரண்டாம் பகுதியில் ‘சி’ கட்டத்தில் குறியிட்டு, நான்கு தவணைகளுக்கும் இதே முறையைப் பயன்படுத்தவேண்டும். சாதகமான தவணைக்கு மட்டும் எடுத்துக்கொள்ள முடியாது.

சரக்கிருப்புக் கணக்கு வைக்கும் கடைகளில் ஆகஸ்ட் கணக்கு இன்னும் கவனம் கேட்கும். பண்டிகைக்கு முன்பே வாங்கிக் குவித்த சரக்கின் விலை விற்பனை நடந்த பிறகுதான் செலவாகிறது. வாங்கிய அன்றே செலவென எழுதினால் லாபம் இல்லாததுபோலத் தோன்றி, தவணை குறைந்துவிடும். அதனால் மே, ஆகஸ்ட் முடிவில் இருப்பை எண்ணி வைப்பது நல்லது.

எல்லாருக்கும் இந்த உழைப்பு தேவைப்படாது. சென்ற ஆண்டின் மொத்த வரியை நான்கு சம பங்காக உரிய நாளில் கட்டியவருக்கு, இவ்வாண்டு வருமானம் எவ்வளவு உயர்ந்தாலும் அபராதம் இல்லை. சென்ற ஆண்டின் சரிசெய்த மொத்த வருமானம் 1,50,000 டாலரைத் தாண்டியிருந்தால் 110 விழுக்காடு கட்டவேண்டும். அந்தத் தொகை சிறியதென்றால் அதுவே எளிய வழி. வருமானம் ஆண்டின் தொடக்கத்திலேயே குவிபவருக்கும் ‘ஏஐ’ அட்டவணையால் பயன் குறைவு. பெருக்கிய தொகை பெரிதாகிவிடும். ஆனால் இரண்டில் சிறிய தவணையையே படிவம் எடுத்துக்கொள்வதால் பொது விதியைவிட அதிகம் கட்ட நேராது.