குழந்தையின் தீராத மலச்சிக்கலும் பசும்பாலும்

சின்னக் குழந்தைக்கு மலச்சிக்கல் என்றால் வீட்டில் ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். பழம் கொடு, கீரை கொடு, உலர் திராட்சையை ஊறவைத்த தண்ணீரைக் கொடு என்பார்கள். அதற்கும் மசியாவிட்டால் விளக்கெண்ணெய் தடவிய வெற்றிலைக் காம்பு வரும். பிறகு டாக்டர் எழுதித் தரும் சிரப். பெரும்பாலான குழந்தைகளுக்கு உணவைச் சரிசெய்து, மருந்தைப் போதிய அளவில் போதிய நாள் கொடுத்தால் சரியாகிவிடும். சில குழந்தைகளுக்கு மட்டும் ஆவதில்லை. சிரப் கொடுக்கும்வரை போகும், நிறுத்தினால் நின்றுவிடும். சில வீடுகளில் கொடுக்கும்போதே நிற்கும். அப்படிப்பட்ட குழந்தைகளில் ஒரு பகுதியினருக்குக் காரணம், அவர்கள் தினமும் குடிக்கும் பாலில் இருக்கிறது.

இதைச் சொன்னால் நம்ப மறுப்பார்கள். பால் ஒத்துக்கொள்ளாவிட்டால் வயிறு பொருமும், பேதியாகும் என்றுதான் எல்லோரும் கேள்விப்பட்டிருக்கிறோம். அது பாலிலுள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரை செரிக்காததால் வருவது. இங்கே பேசுவது பாலின் புரதத்தைப் பற்றி. கேசின், வே என்ற இரண்டு வகைப் புரதங்களைச் சில குழந்தைகளின் உடல் எதிரியாகப் பார்க்கிறது. உடனே தடிப்போ மூச்சிரைப்போ வரும் அலர்ஜி ஒரு வகை. இன்னொரு வகை மெதுவாக, சத்தமில்லாமல் குடலுக்குள் நடக்கும். மலக்குடலின் உள்சுவரில் லேசான அழற்சி உண்டாகிறது. ஆசனவாய்ச் சதை இறுகியே இருக்கிறது, சுற்றியுள்ள தோல் சிவந்து வெடிக்கிறது. ஒருமுறை வலித்த குழந்தை அடுத்த முறை அடக்கிக்கொள்ளும். அடக்கினால் மலம் இறுகும், இறுகினால் இன்னும் வலிக்கும்.

அடக்கும் குழந்தையைக் கவனித்துப் பாருங்கள். கட்டிலைப் பிடித்துக்கொண்டோ கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டோ நிற்கும். கால்களைப் பின்னிக்கொண்டு, நுனிக்காலில் எழும்பி, முகம் சிவக்க முக்கும். பார்ப்பவர்கள் ‘பாவம், முக்கிப் பார்க்கிறான், வரமாட்டேன் என்கிறது’ என்பார்கள். உண்மையில் அவன் வெளியே வரும் மலத்தை உள்ளே தள்ளிக்கொண்டிருக்கிறான். இந்த நிலையில் வெற்றிலைக் காம்பும் சோப்புத் துண்டும் பயத்தைத்தான் கூட்டும். தயவுசெய்து அவற்றை விட்டுவிடுங்கள்.

பாலுக்கும் மலச்சிக்கலுக்கும் உள்ள தொடர்பைத் தெளிவாகக் காட்டிய ஆய்வு இத்தாலியின் பலெர்மோ நகரில் நடந்து 1998-ல் வெளியானது. மலமிளக்கி மருந்துகள் கைகொடுக்காத 65 குழந்தைகளை எடுத்துக்கொண்டார்கள். 11 மாதத்திலிருந்து 6 வயது வரை உள்ளவர்கள். ஒவ்வொரு குழந்தைக்கும் 15 நாள் பசும்பால், 15 நாள் சோயா பால், நடுவில் ஓர் இடைவெளி. எது எந்தப் பால் என்று பெற்றோருக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. சோயா பால் குடித்த காலத்தில் 44 குழந்தைகளுக்கு மலச்சிக்கல் விலகியது. பசும்பால் குடித்த காலத்தில் ஒருவருக்கும் விலகவில்லை. தேறிய குழந்தைகளுக்கு மறைவாகத் திரும்பப் பசும்பால் கொடுத்தபோது பழைய தொல்லை திரும்பியது.

44 என்பது பெரிய எண்ணிக்கைதான். ஆனால் அவர்கள் எல்லா மருந்தும் தோற்றுப்போய்ச் சிறப்பு மருத்துவமனைக்கு வந்து சேர்ந்த குழந்தைகள். பிரேசிலில் 25 குழந்தைகளிடம் செய்த ஆய்வில் 7 பேர்தான் தேறினார்கள். தொடர்பே தெரியவில்லை என்று சொன்ன ஆய்வுகளும் உண்டு. அதனால் மலச்சிக்கல் என்றவுடன் பாலை நிறுத்துவது சரியல்ல. ஐரோப்பிய, வட அமெரிக்கக் குழந்தைகள் குடல்நல மருத்துவச் சங்கங்கள் 2014-ல் தந்த வழிகாட்டுதலும் இதையே சொல்கிறது. மருந்துக்கு வசப்படாத மலச்சிக்கலுக்கு மட்டும், 2 முதல் 4 வாரம் பாலை நிறுத்திப் பார்க்கலாம். ரத்தத்தில் அலர்ஜி சோதனை செய்து இதைக் கண்டுபிடிக்க முயலவேண்டாம் என்கிறார்கள். மெதுவான வகை அந்தச் சோதனையில் பெரும்பாலும் பிடிபடாது.

எந்தக் குழந்தையிடம் சந்தேகம் வலுக்கும்? தாய்ப்பாலிலிருந்து பசும்பாலுக்கு மாறிய வாரங்களில் தொல்லை தொடங்கியிருந்தால், ஆசனவாயைச் சுற்றிச் சிவப்பும் வெடிப்பும் ஆறாமல் இருந்தால், முழங்கை மடிப்பில் கரப்பான், ஓயாத மூக்கொழுகல், இளைப்பு ஏதாவது கூடவே இருந்தால், பால் மீது கண் போகவேண்டும்.

இரண்டரை வயது, 12 கிலோ எடையுள்ள ஒரு பையனை நினைத்துக்கொள்வோம். நாளைக்கு மூன்று டம்ளர் பால், இரண்டு வேளை தயிர்சாதம். நான்கைந்து நாளுக்கு ஒருமுறை, உருண்டை உருண்டையாக, சில சமயம் ரத்தக் கீறலோடு போகிறான். மாதக்கணக்கில் சிரப் கொடுத்தாகிவிட்டது.

முதல் வேலை டாக்டருடையது. பிறந்து 48 மணி நேரத்துக்குள் முதல் மலம் போனானா, பிறந்த முதல் மாதத்திலிருந்தே இந்தத் தொல்லையா, எடை ஏறுகிறதா, வயிறு உப்பிக்கிடக்கிறதா, பச்சையாக வாந்தி எடுக்கிறானா, கால்களில் பலவீனம் உண்டா என்று பார்ப்பார். இவற்றில் ஏதாவது இருந்தால் பாதை வேறு. அடுத்து, ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் பால் குடிக்கிறானா என்று கேட்பார். பாலிலேயே வயிறு நிறைந்து சோறு, காய் இறங்காததும் மலச்சிக்கலுக்குக் காரணமாகும். அதற்குப் பாலைக் குறைத்தாலே போதும், புரதத்தைக் குற்றம் சொல்ல வேண்டியதில்லை. இந்தப் பையனுக்கு ஒரு டம்ளராகக் குறைத்தும் மாற்றமில்லை என்று வையுங்கள்.

பிறகு, உள்ளே தேங்கிக் கெட்டியான மலத்தை வெளியேற்ற வேண்டும். பாலிஎத்திலீன் கிளைக்கால் பவுடரை எடைக்கேற்ற அளவில் சில நாள் தண்ணீரில் கலந்து கொடுக்கச் சொல்வார். இதைச் செய்யாமல் பாலை நிறுத்தினால், பால்தான் காரணம் என்றாலும் தேங்கிய கட்டி வழியை அடைத்துக்கொண்டிருக்கும். பெற்றோர் ‘பயனில்லை’ என்று விட்டுவிடுவார்கள். வெளியேறிய பிறகு மருந்தை ஒரு நிலையான அளவில் வைத்துக்கொண்டு, பாலை நிறுத்துவதற்கு முந்தைய ஒரு வாரம் ஒரு நோட்டில் எழுதத் தொடங்குங்கள். தேதி, போனானா இல்லையா, கெட்டியா இளக்கமா, அழுதானா, ரத்தம் வந்ததா, அடக்கிக்கொண்டு நின்றானா. இவ்வளவு போதும்.

அடுத்து நிறுத்தும் நாள். நிறுத்துவது என்றால் முழுக்க நிறுத்துவது. பால், தயிர், மோர், வெண்ணெய், பன்னீர், சீஸ், ஐஸ்கிரீம், பால்கோவா, பாயசம். நெய்யிலும் துளிப் புரதம் தங்கும் என்பதால் இந்த நாட்களில் அதையும் விட்டுவிடுங்கள். எருமைப்பால், ஆட்டுப்பால் மாற்றாகாது, அவற்றின் புரதம் பசும்பால் புரதத்தைப் போன்றதுதான். லாக்டோஸ் நீக்கிய பாலும் உதவாது, சர்க்கரைதான் போயிருக்கும், புரதம் அப்படியே இருக்கும். தாய்ப்பால் இன்னும் தொடர்ந்தால் அம்மாவும் பால் பொருட்களை விடவேண்டும்.

ஆனால் பாலைக் கெடுப்பது பெரும்பாலும் டம்ளர் அல்ல, பாக்கெட். பிஸ்கட், ரஸ்க், பன், சாக்லேட், பாலில் கலக்கும் மால்ட் பவுடர், கடையில் வாங்கும் சத்துமாவு ஆகியவற்றின் பொருள் பட்டியலில் மில்க் சாலிட்ஸ், வே, கேசின், ஸ்கிம்டு மில்க் பவுடர் என்று இருக்கும். நம் நாட்டுச் சட்டப்படி பால் கலந்திருந்தால் அலர்ஜிப் பொருளாகவும் பாக்கெட்டில் தனியாகக் குறிப்பிட வேண்டும், அந்த வரியைத் தேடுங்கள். பால்வாடியிலும் பக்கத்து வீட்டிலும் தாத்தா பாட்டியிடமும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். ‘ஒரே ஒரு பிஸ்கட்தானே’ என்று யாராவது கொடுத்துவிட்டால் கோபப்படாமல் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். அன்றைய அடக்கலுக்கு விளக்கம் அங்கே கிடைக்கும்.

பாலை எடுத்த இடத்தில் என்ன வைப்பது? கேழ்வரகுக் கஞ்சி, பருப்பு, முட்டை, மீன், கீரை எல்லாம் வரட்டும். கால்சியத்தைப் பொறுத்தவரை ஒரு கணக்கு தெரிந்திருக்க வேண்டும். ஒன்றிலிருந்து மூன்று வயதுவரை ஒரு நாளைக்கு 500 மில்லிகிராம் வேண்டும். 100 கிராம் கேழ்வரகில் ஏறக்குறைய 350 மில்லிகிராம்தான் இருக்கும். இவன் சாப்பிடும் கஞ்சியில் போவது 30 கிராம் மாவு. அதனால் கேழ்வரகை மட்டும் நம்பாமல், டாக்டரிடம் கால்சியம் சிரப்பும் வைட்டமின் டி-யும் கேட்டுப் பெறுங்கள். சோயா பால் கொடுக்கலாமா என்பதையும் அவரிடமே கேளுங்கள், பால் சேராத சில குழந்தைகளுக்கு சோயாவும் சேராது. பாதாம் பாலில் புரதம் மிகக் குறைவு, பாலுக்கு ஈடாகாது.

இந்த நாட்களில் வேறெதையும் மாற்றக்கூடாது. பாலை நிறுத்திய அன்றே புதிதாக நான்கு வாழைப்பழம், இரட்டிப்பு சிரப் என்று தொடங்கினால், எதனால் குணம் என்று யாருக்கும் தெரியாது. மாற்றம் வருமானால் பெரும்பாலும் இரண்டாவது வாரத்திலேயே தெரியும். போகும் நாட்கள் கூடும், மலம் இளகும், ஆசனவாய்ச் சிவப்பு வடியும். கதவுக்குப் பின்னால் நிற்பது கடைசியாகத்தான் குறையும், பயம் மறைய நாளாகும். நான்கு வாரமாகியும் நோட்டில் மாற்றமில்லை என்றால் பால் குற்றவாளியல்ல. பாலைத் திரும்பக் கொடுங்கள். ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று மாதக்கணக்கில் பாலில்லாமல் வைப்பது வளரும் குழந்தைக்கு நல்லதல்ல.

குணம் தெரிந்தால்? இங்கேதான் பெரும்பாலான வீடுகள் நிறுத்திக்கொள்கின்றன. பையன் நன்றாகப் போகிறான், இனி எதற்குப் பால் என்று விட்டுவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், திரும்பக் கொடுத்துப் பார்க்காத சோதனை சோதனையே அல்ல. மலம் வெளியேற்றியதாலோ, தொடர்ந்த மருந்தாலோ, தானாகவோகூடச் சரியாகியிருக்கலாம். அந்தச் சந்தேகத்தைத் தீர்க்காமல் ஒரு குழந்தையை ஆண்டுக்கணக்கில் பால், தயிர், இனிப்பு எதுவும் தொடாமல் வளர்ப்பது அநியாயம். முன்பு பால் குடித்தவுடன் தடிப்பு, உதடு வீக்கம், இளைப்பு வந்ததுண்டு என்றால் வீட்டில் கொடுக்கவே கூடாது, மருத்துவமனையில்தான் கொடுத்துப் பார்க்கவேண்டும். அப்படி எதுவும் இல்லாத குழந்தைக்கு, டாக்டர் சம்மதத்தோடு, சில ஸ்பூனில் தொடங்கிச் சில நாளில் பழைய அளவுக்கு வந்து, இரண்டு வாரம் நோட்டைத் தொடருங்கள். மறுநாளே நன்றாகப் போனான் என்று முடிவுக்கு வரவேண்டாம். இந்த வகை மெதுவாகத்தான் திரும்பும், ஒரு வாரத்துக்கு மேலும் ஆகலாம்.

பால் திரும்பியும் மலச்சிக்கல் திரும்பவில்லை என்றால் பால் விடுதலை. நம் பையனுக்கு எட்டாம் நாள் மலம் கெட்டியாகி, பத்தாம் நாள் ரத்தக் கீறல் வந்துவிட்டது என்று வையுங்கள். அப்போது உறுதி. பாலை மீண்டும் நிறுத்திவிட்டு, எடை, உயரம், கால்சியம் ஆகியவற்றை டாக்டர் கண்காணிக்க, 6 மாதத்திலிருந்து ஒரு வருடம் விட்டுவைக்கிறார்கள். அதன்பின் முதலில் மாவோடு சேர்ந்து அடுப்பில் வெந்த பால், அதாவது பால் கலந்த பிஸ்கட் போன்றவை, பிறகு சமைத்த பால், தயிர், கடைசியில் டம்ளர் பால் என்ற வரிசையில் ஒவ்வொன்றாகக் கொடுக்கிறார்கள். பெரும்பாலான குழந்தைகள் பள்ளிக்குப் போகும் வயதுக்குள் இந்த வரிசையைத் தாண்டிவிடுவார்கள். எந்தப் படியில் கெட்டியாகிறதோ அதற்கு முந்தைய படியிலேயே நிறுத்தி, சில மாதம் கழித்து அங்கிருந்தே மறுபடி தொடங்கலாம்.