ஹியூமனைசர் பச்சை காட்டினால் போதுமா?

கல்லூரிகளில் ப்ராஜெக்ட் ரிப்போர்ட் கொடுக்கவேண்டிய மாதங்களில் மாணவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் சில இணைப்புகள் சுற்றிவரும். ஏஐ எழுதியதை ஒட்டினால் மனிதர் எழுதியதுபோல் மாற்றித் தருவோம், எந்த டிடெக்டராலும் கண்டுபிடிக்க முடியாது என்பது விளம்பரம். இந்தச் சேவைகளுக்குப் பொதுப்பெயர் ஹியூமனைசர். கொஞ்சம் சொற்கள் வரை இலவசம், அதற்குமேல் சந்தா. பொத்தானை அழுத்திய சில விநாடிகளில் புதிய வடிவம் வந்துவிடும். பக்கத்திலேயே பச்சை நிறத்தில் ‘மனிதர் எழுதியது 100%’ என்றும் காட்டும்.

அந்தப் பச்சைக்கு என்ன பொருள் என்று அறிய, டிடெக்டர்கள் எதைப் பார்க்கின்றன என்று முதலில் தெரியவேண்டும். 2023 ஜனவரியில், அப்போது பிரின்ஸ்டன் பல்கலைக்கழக மாணவராக இருந்த எட்வர்ட் டியன் வெளியிட்ட ஜிபிடிஜீரோ இரண்டு அளவுகளைப் பிரபலமாக்கியது. ஒன்று பர்ப்ளெக்ஸிட்டி: ஒரு வாக்கியத்தில் அடுத்து வரும் சொல்லை எவ்வளவு எளிதாக ஊகிக்கமுடிகிறது என்பது. மற்றது பர்ஸ்டினெஸ்: வாக்கியங்கள் நீண்டும் குறுகியும் மாறிமாறி வருகின்றனவா, ஒரே சீராகப் போகின்றனவா என்பது. ஏஐ பெரும்பாலும் எதிர்பார்த்த சொல்லையே போட்டு, சீரான நீளத்தில் எழுதும். பின்னால் வந்த டிடெக்டர்கள் இன்னும் நுட்பமானவை. ஆனாலும் எதுவும் யார் எழுதினார் என்பதைப் பார்ப்பதில்லை. எழுத்தின் சாயலை வைத்து ஊகிக்கிறது, அவ்வளவுதான்.

ஹியூமனைசர் கைவைப்பது இந்தச் சாயலில்தான். உள்ளே இருப்பது பெரும்பாலும் இன்னொரு ஏஐ. அது வழக்கமான சொல்லை எடுத்துவிட்டு அதிகம் புழங்காத சொல்லைப் போடுகிறது. ஒரு வாக்கியத்தை இரண்டாக உடைத்து, வேறு இரண்டை ஒட்டுகிறது. சில நேரம் வேண்டுமென்றே சிறு இலக்கணப் பிழையும் விடுகிறது. பச்சை மதிப்பெண்ணைத் தருவதும் பெரும்பாலும் அதே நிறுவனத்தின் அளவுகோல்தான். பரீட்சை எழுதியவரே விடைத்தாளைத் திருத்திக்கொள்வதற்கும் இதற்கும் அதிக தூரமில்லை.

மாறுவது சாயல் மட்டும் என்றால் பெரிய பாதகமில்லை. ஆனால் பொருளும் மாறிவிடுகிறது. எம்பிஏ மாணவர் ஒருவரின் ஆங்கில ரிப்போர்ட்டை எடுத்துக்கொள்வோம். 120 ஊழியர்களை ரேண்டம் முறையில் தேர்ந்தெடுத்து, பணித் திருப்தியை 5-க்கு எவ்வளவு என்று கேட்டிருக்கிறார். பெண்களின் சராசரி 3.8, ஆண்களின் சராசரி 3.6. அந்த வேறுபாடு ‘சிக்னிஃபிகன்ட்’, வேலைநேரம் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்று எழுதியிருக்கிறார். ஹியூமனைசரில் போட்டு எடுத்தால் ‘சிக்னிஃபிகன்ட்’ இருந்த இடத்தில் ‘மிகப் பெரிய’ என்று பொருள்படும் சொல் வந்து உட்காரலாம். புள்ளியியலில் சிக்னிஃபிகன்ட் என்றால் பெரியது என்று பொருளில்லை. தற்செயலாக மட்டும் இவ்வளவு வேறுபாடு வருவது அரிது என்றுதான் பொருள். அடுத்த பக்கத்து அட்டவணையில் வேறுபாடு வெறும் 0.2. அதேபோல் ‘ரேண்டம்’ என்பது ‘அங்குமிங்குமாக’ என்றானால், முறையாகத் தேர்ந்தெடுத்தவர்கள் கையில் கிடைத்தவர்களாகிவிடுகிறார்கள். ‘இருக்கலாம்’ என்பது ‘ஆகும்’ என்றானால், ஊகம் முடிவாகிவிடுகிறது. வைவாவில் எக்ஸாமினர் கேட்கப்போவது இதைத்தான்: “0.2 வித்தியாசத்தை மிகப் பெரியதுன்னு எப்படிம்மா சொல்றீங்க?” அந்தச் சொல் தன் ரிப்போர்ட்டில் இருப்பதே அந்தப் பெண்ணுக்குத் தெரியாது.

இப்படிச் சொல்லை மாற்றும் வேலை ஏஐ காலத்துக்கும் முந்தியது. 2021-இல் கியோம் கபனாக் என்ற பிரெஞ்சு ஆய்வாளரும் அவருடைய கூட்டாளிகளும், அச்சேறிய அறிவியல் கட்டுரைகளில் விசித்திரமான சொற்றொடர்களைத் தேடிப் பிடித்தார்கள். ஆர்ட்டிஃபிஷியல் இன்டெலிஜென்ஸ் என்று இருக்கவேண்டிய இடத்தில் ‘கவுன்டர்ஃபிட் கான்ஷியஸ்னெஸ்’, அதாவது போலிப் பிரக்ஞை. பிரெஸ்ட் கேன்சர் இருக்கவேண்டிய இடத்தில் ‘பூஸம் பெரில்’, அதாவது மார்பு ஆபத்து. பார்த்ததுமே மென்பொருள் புகுந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். இன்றைய ஹியூமனைசர்கள் இவ்வளவு கோமாளித்தனம் செய்வது குறைவு. ஆனால் மேற்கோள் குறிக்குள் இருக்கும் பிறருடைய வரியைக்கூட விடாமல் மாற்றிவிடுவது உண்டு. அப்போது அந்த நூலாசிரியர் சொல்லாததைச் சொன்னதாக மாணவர் எழுதியதாகிறது. அது ஏஐ பயன்படுத்தியதைவிடப் பெரிய குற்றம்.

இன்னொரு தந்திரமும் உண்டு. ஆங்கில a-க்குப் பதிலாகக் கண்ணுக்கு அதேபோல் தெரியும் ரஷ்ய எழுத்தை (U+0430) வைப்பது, அல்லது எழுத்துகளுக்கிடையில் தெரியாத இடைவெளியை (U+200B) செருகுவது. இதைக் கண்டுபிடிக்க டிடெக்டரே வேண்டாம். வேர்டில் Ctrl+F அழுத்தி `data` என்று தேடினால், பக்கத்தில் நாலு இடத்தில் தெரியும் சொல்லை ‘இல்லை’ என்று சொல்லும். சும்மா இருக்கும் சொற்களுக்குக் கீழே சிவப்புக் கோடும் விழும். எழுத்தை மாற்றி வைத்தது தற்செயல் என்று யாரிடமும் வாதாட முடியாது.

டிடெக்டர் நிறுவனங்களும் சும்மா இருக்கவில்லை. 2023 ஏப்ரலில் ஏஐ எழுத்தைக் கண்டறியும் வசதியைக் கொண்டுவந்த டர்னிட்டின், 2025-இல் ஹியூமனைசர் வழியாக வந்த எழுத்தைத் தனியாகக் குறித்துக் காட்டவும் தொடங்கியது. இன்று பச்சை காட்டிய ரிப்போர்ட்டை ஆறு மாதம் கழித்து மறுபடி சோதித்தால் என்ன வரும் என்று யாராலும் உத்தரவாதம் தரமுடியாது.

டிடெக்டர்கள் நம்பகமானவை என்றும் இதற்குப் பொருளில்லை. ஓபன்ஏஐ நிறுவனமே தன் டிடெக்டரைத் துல்லியம் போதாது என்று 2023 ஜூலையில் நிறுத்திவிட்டது. அதே ஆண்டு ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள், ஆங்கிலம் தாய்மொழியல்லாதவர்கள் டோஃபல் தேர்வுக்கு எழுதிய 91 கட்டுரைகளை ஏழு டிடெக்டர்களில் போட்டுப் பார்த்தார்கள். மனிதர் எழுதிய அந்தக் கட்டுரைகளை ஏஐ எழுதியது என்று டிடெக்டர்கள் தவறாகச் சொன்ன விகிதம் சராசரியாக 61 சதவீதம். பள்ளியில் கற்ற எளிய சொற்களில், சீரான வாக்கியங்களில் எழுதியதுதான் காரணம். நம் பிள்ளைகளின் ஆங்கிலமும் ஏறக்குறைய அப்படித்தான். இந்தப் பயத்தில், சொந்தமாக எழுதியவர்களும் ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று ஹியூமனைசரில் போட்டு எடுக்கிறார்கள். இதைவிடப் பரிதாபம் வேறில்லை. அதுவரை முழுக்க அவர்களுடையதாக இருந்த எழுத்து, அந்த நிமிடத்திலிருந்து உண்மையாகவே ஏஐ எழுத்தாகிவிடுகிறது.

தரவு விஷயம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. பெட்டியில் ஒட்டுவது எங்கோ உள்ள சர்வருக்குப் போகிறது. எவ்வளவு காலம் அங்கே இருக்கும், யார் படிப்பார்கள், அடுத்த மாதிரியைப் பயிற்றுவிக்க எடுத்துக்கொள்வார்களா என்பதெல்லாம் யாரும் படிக்காத நிபந்தனைப் பக்கத்தில் இருக்கும். சில தளங்களில் அதுவும் தெளிவாக இருக்காது. இன்டர்ன்ஷிப் ரிப்போர்ட்டில் கம்பெனியின் விற்பனைக் கணக்கு இருக்கலாம். நர்சிங் மாணவியின் கேஸ் ஸ்டடியில் நோயாளியின் வயதும் ஊரும் நோயும் இருக்கலாம். ‘உங்கள் விவரம் வெளியே போகாது’ என்று கையெழுத்து வாங்கிய ஆய்வின் பதில்கள் இருக்கலாம். அவற்றை ஒட்டும்போது வாக்குறுதியை மீறுவது மாணவர்தான். அந்தத் தளம் அல்ல.

ஜிமெயில் வழியாக உள்ளே போய், கார்டில் பணம் கட்டியவரின் பெயரில் ரசீதும் இருக்கிறது. பணம் வாங்கிக்கொண்டு அசைன்மென்ட் எழுதித் தரும் கும்பல்கள் பின்னால் மாணவர்களை மிரட்டிப் பணம் பறிப்பதாக ஆஸ்திரேலியாவின் உயர்கல்வி ஒழுங்குமுறை அமைப்பே எச்சரித்திருக்கிறது. ஹியூமனைசர்கள் எல்லாம் அப்படி என்று சொல்லவில்லை. ஆனால் மிரட்டுவதற்குத் தேவையான பொருள் அவர்களிடமும் சேர்கிறது.

எழுதும்போதே கூகுள் டாக்ஸில் எழுதுங்கள். எந்தத் தேதியில் எந்தப் பத்தி எப்படி வளர்ந்தது என்ற வரலாறு அதில் தானாகச் சேரும். குறிப்புநோட்டையும் நிரப்பிய வினாத்தாள்களையும் மார்க் வரும்வரை தூக்கிப்போடாதீர்கள். ஏஐ உதவி எடுத்திருந்தால் எந்தப் பகுதிக்கு என்று கைடிடம் முன்கூட்டியே சொல்லி, அவர் சம்மதத்தை மெயிலில் வாங்கிவையுங்கள். டிடெக்டர் தவறாகக் காட்டினால், துறைத்தலைவர் முன்னால் வைக்க இவை இருக்கும். ஹியூமனைசர் காட்டிய பச்சையை அங்கே யாரும் ஏற்கமாட்டார்கள்.