540 ரூபாய் எங்கே போனது?

பள்ளிக்கூடம் திறந்த ஜூன் இரண்டாவது வாரம். சனிக்கிழமை ராத்திரி சமையலறையைத் துடைத்துவிட்டு நோட்டை எடுத்து உட்கார்ந்தேன். அந்த வாரத்துச் சாப்பாட்டுக்கு நான் போட்டிருந்த கணக்கு 3,000 ரூபாய். செலவானது 3,540.

எங்கள் வீட்டில் நான்கு பேர். நான், கணவர், அத்தை, ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகள். மதுரையில் இருக்கிறோம். ஞாயிறு காலை உழவர் சந்தைக்குப் போவதற்கு முன்னால், ஏழு நாளைக்கும் என்ன சமையல் என்று எழுதி, அதற்கு எவ்வளவு ஆகும் என்றும் எழுதிவைப்போம். இப்படிப் பட்டியல் போடும் வீடுகள் நிறைய உண்டு. வாரக் கடைசியில் திட்டத்தையும் செலவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வீடுகள் குறைவு. பார்த்தாலும், “இந்த வாரம் 540 கூடப் போயிடுச்சு, அடுத்த வாரம் கையைப் பிடிக்கணும்” என்பதோடு முடிந்துவிடும்.

நானும் முன்பு அப்படித்தான் செய்தேன். கூடப் போன பணத்தை அப்படியே அடுத்த வாரத்தில் வெட்டுவேன். வெட்டும்போது முதலில் போவது பழமும் முட்டையும்தான். செவ்வாய்க்கிழமை மகள் பசியோடு வந்து நிற்பாள். தெருமுனைக் கடையில் பஜ்ஜி வாங்குவோம். வாரக் கடைசியில் கணக்கு மறுபடியும் கூடியிருக்கும். மொத்தத் தொகை, செலவு கூடியது என்பதை மட்டும்தான் சொல்லும். அடுத்த வாரத் திட்டத்தில் எந்த வரியைத் திருத்த வேண்டும் என்பது, எதனால் கூடியது என்று தெரிந்தால்தான் தெரியும்.

எழுதிவைக்க வேண்டியவை

நோட்டில் ஒரு நாளுக்கு ஒரு வரி போதும். திட்டமிட்ட சமையல், உண்மையில் சமைத்தது, இரண்டும் வேறாக இருந்தால் காரணம். “வியாழன்: சப்பாத்தி, குருமா / பரோட்டா / வீட்டுக்கு வரும்போது மணி 7.30.” அந்த மூன்றாவது பகுதியை அன்று ராத்திரியே எழுதிவிட வேண்டும். சனிக்கிழமைக்குள் மறந்துபோகும்.

செலவை அன்றன்றைக்குக் குறிக்க வேண்டும். கடைக்காரருக்கு ஜிபே செய்த பட்டியலைப் பார்த்துப் பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று தோன்றும். அதில் கடைப் பெயரும் தொகையும் இருக்குமே தவிர, அந்த 140 ரூபாய்க்குத் தக்காளி வாங்கினோமா பிஸ்கட் வாங்கினோமா என்பது இருக்காது. காயின் பெயர், எடை, விலை மூன்றையும் எழுதினால்தான் பின்னால் உதவும்.

மாத மளிகைதான் கொஞ்சம் சிக்கல். முதல் வாரம் மொத்தமாக வாங்குவதை அந்த வாரச் செலவாக எழுதினால், முதல் வாரம் பூதமாகத் தெரியும், மற்ற மூன்று வாரமும் சிக்கனமாகத் தெரியும். இரண்டும் உண்மையில்லை. அதனால் மளிகைக்கு வாங்கியதை எழுதாமல் தீர்ந்ததை எழுதுகிறேன். ஞாயிறு காலை அரிசி, துவரம்பருப்பு, உளுந்து, கோதுமை மாவு, எண்ணெய் ஆகிய ஐந்தை மட்டும் அளந்து பார்ப்பேன், தேங்காயை எண்ணிக்கொள்வேன். போன ஞாயிறு இருந்தது, அதோடு இந்த வாரம் வாங்கியது, அதில் இன்று மிஞ்சியதைக் கழித்தால் தீர்ந்தது வந்துவிடும். உப்பு, புளி, மிளகாய், கடுகு போன்றவற்றுக்கு மாத விலையில் கால் பங்கை எழுதிவிடுகிறேன். பத்து நிமிட வேலை.

கூடியதும் குறைந்ததும்

அந்த வாரத்துக் கணக்கைத் தலைப்பு வாரியாகப் பிரித்தபோது இப்படி வந்தது. காய்கறிக்கு 600 போட்டேன், 790 ஆனது. மீன், கோழி, முட்டைக்கு 650 போட்டேன், 710 ஆனது. பால் 420-க்குப் பதில் 450. பழமும் தின்பண்டமும் போட்டபடியே 330. ஓட்டல் சாப்பாட்டுக்குத் திட்டத்தில் இடமே இல்லை, 350 போயிருந்தது. மளிகை மட்டும் 1,000-க்குப் பதில் 910, அதாவது 90 ரூபாய் மிச்சம்.

மளிகையில் மிச்சம் என்றதும் மனசுக்கு ஆறுதலாக இருந்தது. அடுத்த நாள் காலை டப்பாக்களை எடை போடும்போதுதான் விஷயம் விளங்கியது. மிஞ்சியிருந்தது 600 கிராம் கோதுமை மாவு, கொஞ்சம் எண்ணெய், ஒரு தேங்காய். எல்லாமே வியாழக்கிழமை சப்பாத்திக்கும் குருமாவுக்கும் வைத்தவை. பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அத்தை சொன்னார்: “வியாழக்கிழமை ஆபீஸ்ல கணக்கு முடிக்கிற நாளு, நீ வர்றதே ஏழரை. அன்னிக்குப் போயி குருமாவப் போட்டு வச்சா யாரும்மா அரைப்பா? எனக்கும் முட்டி மடங்க மாட்டேங்குது.”

அத்தை சொன்னதில்தான் பெரிய தொகைக்கு விடை இருந்தது. ஓட்டலில் 350 போனதும் மளிகையில் 90 மிஞ்சியதும் ஒரே சம்பவத்தின் இரண்டு பக்கங்கள். உண்மையான இழப்பு 260. பரோட்டா மேல் இருந்த ஆசையால் வந்த செலவில்லை அது. வேலை அதிகமுள்ள சமையலை நேரமே இல்லாத நாளில் எழுதியது திட்டத்தின் பிழை. ‘ஓட்டலுக்குப் போகக் கூடாது’ என்று முடிவெடுத்திருந்தால் அடுத்த வியாழக்கிழமையும் அதே ஏழரை மணிக்கு அதே இடத்தில் நின்றிருப்போம்.

இதிலிருந்து இன்னொன்றும் தெரிகிறது. திட்டத்தைவிடச் செலவு குறைந்த வாரத்தையும் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும். வாங்கிய காய் சமைக்கப்படாமல் குளிர்பெட்டியில் வாடிக்கொண்டிருக்கலாம்.

காய்கறியில் கூடிய 190-ஐ விலையால் கூடியது, அளவால் கூடியது என்று பிரித்தேன். தக்காளி கிலோ 30 என்று நினைத்து 2 கிலோவுக்கு 60 போட்டிருந்தேன். சந்தைப் பலகையில் 70. அதே 2 கிலோவுக்கு 140 கொடுத்தேன். இந்த 80 ரூபாய் விலையால் வந்தது. மீதி 110, பட்டியலில் இல்லாமல் வாங்கியது: ஒரு காலிஃபிளவர் 40, ஒரு கிலோ பீட்ரூட் 40, மூன்று கட்டு கீரை 30. மலிவாக இருக்கிறதே என்று எடுத்தவை. சனிக்கிழமை பார்த்தால் காலிஃபிளவர் கறுத்திருந்தது, இரண்டு கட்டு கீரை அழுகியிருந்தது, பீட்ரூட் பாதி அப்படியே இருந்தது.

மீனில் கூடிய 60 ரூபாயும் விலைதான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தமிழ்நாட்டுக் கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. 300 ரூபாய்க்கு எதிர்பார்த்த சங்கரா 360-க்கு விற்றது. பாலில் 30 ரூபாய், விருந்தாளி வந்த நாளில் வாங்கிய அரை லிட்டர்.

ஆக, 540-ல் விலையால் 140, பட்டியலுக்கு வெளியே வாங்கியதால் 110, சமையல் மாறியதால் 260, விருந்தாளிக்கு 30.

அடுத்த வாரத் திட்டம்

காரணம் நான்கு என்றால் மருந்தும் நான்கு.

விலை ஏறியதை நம் சிக்கனத்தால் இறக்க முடியாது. 2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியபோது தமிழக அரசே ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்க வேண்டியிருந்தது. நாம் மாற்றக்கூடியது சமையலைத்தான். தக்காளியை 2 கிலோவிலிருந்து ஒரு கிலோவாக்கினேன். தக்காளிச் சட்னி இருந்த இடத்தில் பீர்க்கங்காய்த் தோல் துவையல், இரண்டு நாள் எலுமிச்சை ரசம். சங்கராவுக்குப் பதில் குளத்தில் வளரும் கட்லா, தடைக்காலம் அதைத் தொடுவதில்லை. அது 300-க்குள் வந்துவிட்டது.

கூடுதலாக வாங்கியதற்கு, சந்தைக்குப் போகும் முன் குளிர்பெட்டியைத் திறந்து பார்ப்பது என்று வைத்துக்கொண்டோம். மிஞ்சிய அரைக் கிலோ பீட்ரூட் திங்கட்கிழமைப் பொரியலாகப் பட்டியலில் ஏறியது. அந்த அளவுக்குப் புதிய காய் குறைந்தது. சமையலை அழுகும் வரிசையிலும் அடுக்கினோம். கீரை ஞாயிறு, திங்களில். அவரை, வெண்டை, கத்தரி வார நடுவில். சேனை, பூசணி, உருளை வெள்ளி, சனியில். மலிவு கண்டு ஒன்றை எடுத்தால் பட்டியலிலிருந்து ஒன்றை அங்கேயே அடித்துவிட வேண்டும் என்பது மகள் போட்ட விதி.

சமையல் மாறியதற்கு, நாளை மாற்றினேன். சப்பாத்தியும் குருமாவும் சனிக்கிழமைக்குப் போயின. ஞாயிறு அரைத்த இட்லி மாவு செவ்வாய், புதனில் தோசையாகி, வியாழனுக்குள் புளித்திருக்கும். அந்தப் புளித்த மாவில் வெங்காயம் தாளித்துப் போட்டுக் குழிப்பணியாரம் ஊற்றினால் பொட்டுக்கடலைச் சட்னியோடு இருபது நிமிடத்தில் சாப்பாடு தயார். அதற்காக ஞாயிறு ஒரு ஆழாக்கு அரிசி கூட ஊறப்போட்டால் போதும்.

விருந்தாளிக்கு வாங்கிய பாலுக்காகத் திட்டத்தில் எதையும் மாற்றவில்லை. ஒருமுறை நடந்ததைத் தொட வேண்டியதில்லை. மூன்று நான்கு வாரம் அதே வரியில் பால் கூடிக்கொண்டே வந்தால் மட்டும், நான் போட்ட அளவே தவறு என்று திட்டத்தை உயர்த்துவேன். விலைக்கும் அப்படித்தான். ஒரு மாதமாகியும் தக்காளி இறங்காவிட்டால் 30 ரூபாய் என்ற பழைய விலையை நோட்டிலிருந்து எடுத்துவிட வேண்டும். நடக்காத விலையில் போட்ட திட்டம் ஒவ்வொரு வாரமும் பொய் சொல்லும்.

மொத்தத் தொகையை 3,000-லேயே விட்டேன். போன வாரத்து 540-ஐ ஈடுகட்ட எதையும் வெட்டவில்லை. அடுத்த சனிக்கிழமை கணக்கு 3,080-ல் நின்றது. வியாழக்கிழமை பணியாரம்தான் சாப்பிட்டோம், கீரை ஒரு கட்டும் வீணாகவில்லை. அந்த 80 ரூபாய் சந்தையில் கண்ணில் பட்ட ஒரு கிலோ மாம்பழம். காரணம் என்ற இடத்தில் மகள் “சீசன்” என்று எழுதியிருந்தாள். மாம்பழம் இன்னும் சில வாரம் வரும். அதனால் மூன்றாவது வாரப் பட்டியலில் தின்பண்டத்துக்கு வைத்த பணத்தில் 80 ரூபாயைக் குறைத்து, அந்த இடத்தில் மாம்பழம் என்று எழுதினோம்.