கோட்டில் நிற்காத இரண்டு புள்ளிகள்

1882ஆம் ஆண்டு ஜூலை முதல் செப்டம்பர் வரை, வாஷிங்டனில் சைமன் நியூகோம் என்ற வானியலாளர் ஒளியின் வேகத்தை அளந்துகொண்டிருந்தார். பொட்டோமாக் ஆற்றின் ஒரு கரையில் ஃபோர்ட் மையர். அங்கே சுழலும் கண்ணாடி ஒன்றிலிருந்து புறப்படும் ஒளி, மறுகரையில் வாஷிங்டன் நினைவுத்தூணின் அடியில் வைத்திருந்த இன்னொரு கண்ணாடியில் பட்டுத் திரும்ப வேண்டும். போய்வரும் தூரம் ஏறத்தாழ 7,440 மீட்டர். இதற்கு ஒளி எடுத்துக்கொண்ட நேரம் 24.8 மைக்ரோ நொடிக்குச் சற்றுக் கூடுதல். நியூகோம் விட்டுச்சென்ற அளவீடுகள் 66.

புள்ளியியல் பாடப்புத்தகங்களில் இந்த அளவீடுகளைச் சுருக்கித் தருவார்கள். 24,800 நானோ நொடியைக் கழித்துவிட்டு மிச்சத்தை மட்டும் எழுதுவது வழக்கம். 24,828 என்பது 28 ஆகிவிடும். அப்படி எழுதினால் பட்டியல் 28, 26, 33, 24, 34 என்று தொடங்குகிறது. பெரும்பாலான எண்கள் 16க்கும் 40க்கும் இடையில் அடங்கிவிடுகின்றன. இரண்டு மட்டும் தனியே நிற்கின்றன: ஒன்று −2, இன்னொன்று −44.

இந்த 66 எண்களும் இயல்நிலைப் பரவலில் அமைந்தவைதானா? மணி வடிவ வளைகோடு என்று பள்ளியில் படித்தோமே, அதுதான் இயல்நிலைப் பரவல். நடுவில் கூட்டம் அதிகம், இருபுறமும் ஒரே சீராகக் குறையும். சிறுசிறு பிழைகள் பல தற்செயலாகச் சேரும் இடத்தில் இந்த வடிவம் தோன்றும். சராசரி, திட்ட விலக்கம் என்ற இரண்டே எண்களால் மொத்தத் தரவையும் சொல்லிவிடலாம் என்ற துணிச்சல் இதை நம்பித்தான் வருகிறது. சராசரியிலிருந்து இருபுறமும் இரண்டு திட்ட விலக்கத்துக்குள் நூற்றுக்கு 95 மதிப்புகள் அடங்கும் என்று சொல்வதும் இந்த வடிவம் பொருந்தினால்தான் செல்லும்.

வடிவத்தைப் பார்க்க முதலில் கைக்கு வருவது ஹிஸ்டோகிராம், அதாவது எண்களை இடைவெளி இடைவெளியாகப் பிரித்துப் பட்டைகளாக வரையும் படம். அதில் ஒரு சிக்கல் உண்டு. பட்டையின் அகலத்தை 2 என்று வைத்தால் ஒரு தோற்றம், 5 என்று வைத்தால் வேறு தோற்றம். போதாக்குறைக்கு, வளைகோட்டோடு ஒரு படம் பொருந்துகிறதா என்று கண்ணால் சொல்வது கடினம். நேர்கோட்டிலிருந்து ஒன்று விலகினால் கண் உடனே பிடித்துவிடும். வளைகோட்டைக் கண்ணுக்குப் பழகிய நேர்கோடாக மாற்றித் தருவதுதான் கியூ-கியூ வரைபடம். குவான்டைல்-குவான்டைல் என்பதன் சுருக்கம் அது. 1968இல் மார்ட்டின் வில்க், ராமநாதன் ஞானதேசிகன் என்ற இரு புள்ளியியலாளர்கள் சேர்ந்து எழுதிய கட்டுரை இதை ஒரு முறையாக நிலைநிறுத்தியது.

குவான்டைல் என்றால் இத்தனை பங்கு தரவு இதற்குக் கீழே இருக்கிறது என்று காட்டும் எல்லை. கால் பங்கு கீழே இருந்தால் அது முதல் கால்மானம், பாதி கீழே இருந்தால் இடைநிலை அளவு. கியூ-கியூ வரைபடம் செய்வது ஓர் ஒப்பீடு. மாணவர்களை உயர வரிசையில் நிறுத்துவதுபோல நம் எண்களைச் சிறியதிலிருந்து பெரியதுவரை நிறுத்துகிறோம். பக்கத்திலேயே, கச்சிதமான இயல்நிலைப் பரவலிலிருந்து வந்த 66 பேர் எப்படி நிற்பார்களோ அப்படி இன்னொரு வரிசை. முதலாமவருக்கு நேராக முதலாமவர், பத்தாமவருக்கு நேராகப் பத்தாமவர். ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு புள்ளி வைக்க வேண்டியதுதான்.

அந்த இரண்டாவது வரிசையை எப்படிக் கண்டுபிடிப்பது? வரிசை எண்ணிலிருந்து அரையைக் கழித்து, மொத்த எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். 17ஆவது எண்ணுக்கு 16.5ஐ 66ஆல் வகுத்தால் சரியாக 0.25. அதாவது, கால் பங்கு இதற்குக் கீழே. இயல்நிலைப் பரவலில் கால் பங்கைக் கீழே விடும் இடம் சராசரிக்கு 0.67 திட்ட விலக்கம் கீழே இருக்கிறது. எனவே அதன் எண் −0.67. முதல் எண்ணுக்கு 0.5ஐ 66ஆல் வகுத்தால் 0.0076, அதற்குரிய இடம் −2.43. கடைசி எண்ணுக்கு +2.43. கணிப்பொறியில் எக்செல் இருந்தால், தரவை ஏறுவரிசையில் அடுக்கிவிட்டு, வரிசை எண் A2 கட்டத்தில் இருக்கும்போது இந்த ஒரு வரி போதும்:

```
=NORM.S.INV((A2-0.5)/66)
```

இந்த எண்களைக் கிடையச்சிலும் நியூகோமின் அளவீடுகளை நெடுக்கச்சிலும் வைத்துப் புள்ளியிட வேண்டும். பிறகு ஒரு கோடு. இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். சராசரியும் திட்ட விலக்கமும் கொண்டு கோடு போடலாம் என்று தோன்றும். ஆனால் 66 எண்களின் திட்ட விலக்கம் 10.7. அந்த இரண்டு எண்களையும் எடுத்துவிட்டால் அது 5.1. நாம் சந்தேகப்படும் எண்களே கோட்டைத் தங்கள் பக்கம் இழுத்துச் சாய்த்துவிடும். குற்றம் சாட்டப்பட்டவரையே நீதிபதியாக உட்கார வைக்கலாமா? எனவே கால்மானங்கள் இரண்டின் வழியாகக் கோடு போடுவது நல்லது. 17ஆவது எண் 24, 50ஆவது எண் 31. இந்த இரண்டு புள்ளிகளையும் இணைத்தால் கோடு நடுவில் 27.5இல் கடக்கிறது. அதன் சரிவு 5.2. ஓரத்தில் என்ன நடந்தாலும் இந்தக் கோடு அசையாது.

இப்போது கோட்டை வைத்து ஒவ்வொரு இடத்திலும் என்ன எண் இருந்திருக்க வேண்டும் என்று கேட்கலாம். வலது கடைசியில் 27.5உடன் 2.43 மடங்கு 5.2ஐக் கூட்டினால் 40. அங்கே இருக்கும் எண்ணும் 40. நடுப்பகுதிப் புள்ளிகள் எல்லாம் கோட்டை ஒட்டியே போகின்றன. இடது ஓரத்தில் நான்காவது எண் 19ஆக இருந்திருக்க வேண்டும், இருப்பது 16. மூன்றாவது 18ஆக இருந்திருக்க வேண்டும், இருப்பது 16. இந்த அளவு அசைவு ஓரங்களில் சகஜம். இரண்டாவது எண் 17 அளவில் இருந்திருக்க வேண்டும், இருப்பது −2. முதல் எண் 15 அளவில் இருந்திருக்க வேண்டும், இருப்பது −44. இவை அசைவு அல்ல, கோட்டை விட்டே விழுந்துவிட்டன.

ஆக, 66 எண்களும் சேர்ந்து இயல்நிலைப் பரவல் அல்ல. அவற்றில் 64, ஏறத்தாழ அந்தப் பரவல்தான். மற்ற இரண்டும் அதே வகைச் சிறு பிழைகளால் வந்தவை என்று நம்ப முடியவில்லை. பட்டியலைத் திரும்பிப் பார்த்தால், அவை 6ஆவது, 10ஆவது இடங்களில், இரண்டுமே முதல் பத்துக்குள் இருக்கின்றன. இதை வரைபடம் காட்டாது. எண்களை வரிசைப்படுத்திய கணத்திலேயே எது முன்னே வந்தது, எது பின்னே வந்தது என்ற தகவல் போய்விடுகிறது. கருவி தொடக்கத்தில் தடுமாறியதா, நாள்போக்கில் நகர்ந்ததா என்று அறிய, எண்களை வந்த வரிசையிலேயே தனியாக வரைந்து பார்க்க வேண்டும்.

இன்னொரு நுணுக்கம். புள்ளிகளை நெருங்கிப் பார்த்தால் அவை படிக்கட்டுபோல் ஏறுகின்றன. 28 என்ற எண் மட்டும் ஏழு முறை வருவதால் அந்த உயரத்தில் ஏழு புள்ளிகள் கிடையாக நிற்கின்றன. அளவீடுகள் முழு எண்களாகக் குறிக்கப்பட்டதன் விளைவு அது. இதைப் பார்த்து இயல்நிலை இல்லை என்று முடிவு கட்டக் கூடாது. படிக்கட்டின் போக்கு நேராக இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

நியூகோமின் தரவில் கோளாறு ஓர் ஓரத்தில் மட்டும். மற்றத் தரவுகளில் வேறு வடிவங்கள் வரும். இரண்டு ஓரங்களும் கோட்டுக்கு மேலே எழும்பிக் கிண்ணம்போல் வளைந்தால், தரவு வலப்பக்கம் நீண்டிருக்கிறது என்று பொருள். குடும்ப வருமானம் இப்படித்தான் இருக்கும். அத்தகைய எண்களின் மடக்கையை எடுத்து மீண்டும் வரைந்தால் பெரும்பாலும் வளைவு நிமிர்ந்துவிடும். இடது ஓரம் கோட்டுக்குக் கீழேயும் வலது ஓரம் மேலேயும் விலகினால், இயல்நிலை அனுமதிப்பதைவிட அதிகமாக உச்ச மதிப்புகள் வருகின்றன. பங்குச் சந்தையின் அன்றாட ஏற்ற இறக்கத்தில் இதைப் பார்க்கலாம். வெறும் இயல்நிலைக் கணக்கை நம்பி அங்கே பேரிழப்பு அரிது என்று சொல்பவர் ஏமாறுவார்.

எவ்வளவு விலகினால் விலகல் என்று கொள்வது? இதற்கு ஒரு நேர்மையான வழி உண்டு. கணிப்பொறியைக் கொண்டு இயல்நிலைப் பரவலிலிருந்தே 66 எண்களை உருவாக்கி, அதற்கு ஒரு கியூ-கியூ வரைபடம் போடுங்கள். இப்படி இருபது படங்கள் போட்டு, அவற்றுக்கு நடுவே உங்கள் படத்தை வையுங்கள். சுத்தமான இயல்நிலைத் தரவிலும் ஓரங்கள் எவ்வளவு ஆடுகின்றன என்று அப்போது தெரியும். உங்கள் படத்தைக் கூட்டத்தில் அடையாளம் காண முடியாவிட்டால் கவலை வேண்டாம். பத்துப் பன்னிரண்டு எண்கள் மட்டுமே கையில் இருந்தால் எந்தப் படத்தையும் பெரிதாக நம்பவும் வேண்டாம். அவ்வளவு சிறிய தரவில் எதுவும் நேராகத் தோன்றும், எதுவும் வளைந்தும் தோன்றும்.

கடைசியாக, கோடு நேராக இருப்பதால் விடை சரி என்று ஆகிவிடாது. அந்த 64 எண்களின் சராசரி 27.75. இயல்நிலைக் கணக்கின்படி உண்மையான மதிப்பு 26.5க்கும் 29க்கும் இடையில் இருக்க வேண்டும். இன்று ஏற்கப்பட்டுள்ள ஒளிவேகத்தை வைத்துப் பார்த்தால் அந்த இடத்தில் வரவேண்டிய எண் 33. கோட்டில் ஒழுங்காக நின்ற அளவீடுகள் எல்லாம் சேர்ந்தே ஒரு பக்கமாகத் தள்ளிப்போயிருந்தன. எல்லா அளவீட்டையும் ஒரே அளவு நகர்த்தும் பிழை இருந்தால் கோடு மேலேயோ கீழேயோ நகருமே தவிர வளையாது. எனவே கியூ-கியூ வரைபடத்திடம் தரவின் வடிவத்தைப் பற்றி மட்டும் கேளுங்கள். அளவீடு உண்மையா என்பதற்கு, வேறு கருவியால் வேறொருவர் அளந்து பார்ப்பதுதான் சோதனை.